நெடுவரிசையை மறைத்தால் கோடும் மறைந்தது: ஓர் எக்செல் வரைபடத்தின் நிகழ்வு ஆய்வு

மாதாந்திர அறிக்கை அனுப்பப்படுவதற்கு அரை மணி நேரம் இருந்தது. அதைத் தயாரிக்கும் சக ஊழியர் என்னை அழைத்தார். "வரைபடத்தில் வரம்புக் கோட்டைக் காணவில்லை. நான் எதையும் அழிக்கவில்லை, ஒரு நெடுவரிசையை மறைக்க மட்டும்தான் செய்தேன்" என்றார். காரணம் அந்த வாக்கியத்தின் பிற்பாதியிலேயே இருந்தது. ஆனால் அன்று அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று சுற்றாக நீண்டது. கோட்டைத் திரும்பக் கொண்டுவரும் வழி எளிது. அந்த வழி வேறு எதையெல்லாம் கூடவே கொண்டுவரும் என்பதைத்தான் நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தாளில் இருந்தது என்ன

தாளின் பெயர் Report. A நெடுவரிசையில் மாதத்தின் பெயர், B-இல் அந்த மாதம் வந்த புகார்கள், C-இல் தீர்த்து வைத்தவை, D-இல் மாத வரம்பு. வரம்பு எல்லா மாதங்களுக்கும் ஒன்றே, 135. வரைபடத்தில் குறுக்கே ஒரு நேர்கோடு வேண்டும் என்பதற்காக மட்டுமே D-இல் 135 என்ற எண் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. படிப்பவருக்கு அந்த நெடுவரிசையால் எந்தப் பயனும் இல்லை. அச்சிடும்போது இடத்தை அடைத்துக்கொண்டதால் அவர் அதை மறைத்தார். மறைத்த கணமே கோடு போய்விட்டது, கீழே இருந்த குறிவிளக்கத்தில் அதன் பெயரும் போய்விட்டது.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காலாண்டு மொத்தம் ஒரு வரிசையாக வரும். தலைப்பு 1-ஆம் வரிசையில் இருப்பதால் ஜனவரி முதல் மார்ச் வரை 2 முதல் 4 வரையான வரிசைகளிலும், முதல் காலாண்டின் மொத்தம் 5-ஆம் வரிசையிலும் இருந்தன. இப்படியே 9, 13, 17 ஆகியவையும் மொத்த வரிசைகள். வந்த புகார்கள் முறையே 120, 132, 126, பிறகு 118, 140, 135, பிறகு 150, 146, 139, கடைசியாக 128, 124, 131. காலாண்டு மொத்தங்கள் 378, 393, 435, 383. ஆண்டு மொத்தம் 1589. இந்த நான்கு மொத்த வரிசைகளும் ஏற்கெனவே மறைக்கப்பட்டிருந்தன. அதை அப்போது நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

எக்செல் ஏன் இப்படிச் செய்கிறது

எக்செல் ஒரு வரைபடத்தைப் போடும்போது, அதற்குக் கொடுத்த செல்களில் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டுமே வரைகிறது. இதுதான் இயல்பான அமைப்பு. ஒரு வரிசையை மறைத்தால் அதற்குரிய புள்ளி போய்விடும். ஒரு நெடுவரிசையை மறைத்தால் அதிலிருந்து வரும் தரவுத் தொடர் முழுவதும் போய்விடும். கோட்டின் நிறமும் தடிமனும் வரைபடத்திலேயே பத்திரமாக இருக்கின்றன. நெடுவரிசையைத் திரும்பக் காட்டினால் கோடு பழைய நிறத்திலேயே வந்து நிற்கும். ஆகவே இது தரவு இழப்பு அல்ல. அன்றைய பதற்றத்தில் நான் முதலில் சொன்னதும் இதைத்தான்.

இப்படி ஓர் இயல்பு வைத்திருப்பதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒரு பட்டியலில் வடிகட்டி போட்டு ஒரே ஒரு பிரிவை மட்டும் காட்டும்போது வரைபடமும் அந்தப் பிரிவை மட்டும் காட்ட வேண்டும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்ப்பார்கள். வடிகட்டி செய்வதும் வரிசைகளை மறைப்பதுதான். வரைபடம் 'தெரிவதை மட்டும் வரை' என்று இருப்பதால்தான் வடிகட்டியோடு சேர்ந்து அது மாறுகிறது. கையால் மறைத்தது, வடிகட்டியால் மறைந்தது, குழுவாகச் சேர்த்து ஓரத்திலுள்ள கழித்தல் குறியை அழுத்தி மடித்தது, அகலத்தையோ உயரத்தையோ பூஜ்யமாக்கியது என்று எப்படி மறைந்தாலும் வரைபடத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஏன் மறைத்தீர்கள் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த நிகழ்வின் சிக்கல் முழுவதும் அங்கேதான் பிறந்தது.

மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேலே நெடுவரிசை எழுத்துகளையும் இடப்பக்கம் வரிசை எண்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். C-க்கு அடுத்து E வந்தால் D மறைந்திருக்கிறது. 4-க்கு அடுத்து 6 வந்தால் 5 மறைந்திருக்கிறது. வரிசை எண்கள் நீல நிறத்தில் இருந்தால் அது வடிகட்டியின் வேலை. எண் விட்டுப்போயிருந்தும் நீலம் இல்லையென்றால் யாரோ கையால் மறைத்திருக்கிறார்கள், அல்லது குழு மடிக்கப்பட்டிருக்கிறது. இந்த அரை நிமிடச் சோதனையை நான் முதலிலேயே இரண்டு பக்கமும் செய்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது. நான் மேற்பக்கம் மட்டும் பார்த்தேன்.

முதல் தீர்வும் அது கொண்டுவந்ததும்

இயல்பை மாற்றும் அமைப்பு வரைபடத்துக்குள்ளேயே இருக்கிறது. வரைபடத்தின் மீது சுட்டியை வைத்து, சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி Select Data என்பதைத் தேர்ந்தோம். திறந்த பெட்டியின் இடப்பக்க அடியில் Hidden and Empty Cells என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு சிறிய பெட்டி திறக்கும். அதில் Show data in hidden rows and columns என்பதற்கு டிக் போட்டு, இரண்டு பெட்டிகளிலும் OK கொடுத்தோம். வரம்புக் கோடு திரும்பி வந்தது.

கூடவே நான்கு கோபுரங்களும் எழுந்தன. மாதப் புள்ளிகளுக்கு இடையே 378, 393, 435, 383 என்று நான்கு புதிய புள்ளிகள் செங்குத்தாக ஏறி இறங்கின. அதுவரை 160-இல் முடிந்திருந்த செங்குத்து அச்சு 500 வரை நீண்டுவிட்டது. 118-க்கும் 150-க்கும் இடையிலான ஏற்ற இறக்கம்தான் அந்த அறிக்கையில் சொல்லப்பட வேண்டிய செய்தி. அது தட்டையாகி அடியில் ஒட்டிக்கொண்டது. வரம்புக் கோடோ நான்கு துண்டுகளாக உடைந்திருந்தது. மொத்த வரிசைகளில் D செல் காலியாக இருந்ததே காரணம். கோட்டு வரைபடத்தில் காலி செல் வந்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை, அந்த இடத்தில் கோடு விடுபடும். அதே சிறிய பெட்டியில் Gaps, Zero, Connect data points with line என்ற மூன்று தேர்வுகள் அதற்காகத்தான் இருக்கின்றன.

"இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?" என்று அவர் கேட்டபோதுதான் இடப்பக்கத்து எண்களைப் பார்த்தேன். 4, 6, 7, 8, 10. இந்தத் தாளை முதலில் உருவாக்கியவர் எக்செலின் இயல்பை நன்றாக அறிந்தவர். மொத்தங்கள் வரைபடத்தில் வரக் கூடாது என்பதற்காகவே அந்த நான்கு வரிசைகளையும் மறைத்து வைத்திருக்கிறார். வரைபடம் B2 முதல் B17 வரை முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. மறைப்பு ஒன்றே மொத்தங்களை வெளியே தடுத்து நிறுத்தியிருந்தது. இப்போது வந்தவர் வேறொரு காரணத்துக்காக ஒரு நெடுவரிசையை மறைத்தார். ஒருவருக்கு மறைப்பு என்றால் 'வரையாதே' என்று பொருள். மற்றவருக்கு 'அச்சில் காட்டாதே, ஆனால் வரை' என்று பொருள். எக்செலுக்கு இருப்பதோ முழு வரைபடத்துக்கும் ஒரே ஒரு டிக். இந்தத் தொடரை மட்டும் காட்டு, அந்த வரிசைகளை மட்டும் விடு என்று சொல்ல அதில் வழியே இல்லை.

டிக்கை எடுத்தோம். கோபுரங்கள் இறங்கின, வரம்புக் கோடும் மீண்டும் போனது. இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நேரமில்லாததால் D-ஐத் திரும்பக் காட்டி, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கி, நெடுவரிசையை மிக ஒடுக்கமாக்கி அறிக்கையை அனுப்பிவிட்டோம். இது ஒப்பேற்று வேலை என்றாலும் தவறான வேலை அல்ல. ஒடுக்கமான நெடுவரிசை மறைந்த நெடுவரிசை ஆகாது. அகலம் பூஜ்யத்தைத் தொட்டால்தான் அது மறைந்ததாகும். வெள்ளை எழுத்துக்குப் பதிலாக எண் வடிவத்தில் `;;;` என்று கொடுத்தாலும் செல்லில் எண் தெரியாது, ஆனால் வரைபடம் அதை வரையும். இவ்வளவு ஒடுங்கிய நெடுவரிசையில் எண்கள் ### என்று காட்டப்படுவதையும் அது தவிர்க்கும்.

இரண்டாம் முயற்சி: வேறு தாளுக்கு மாற்றியது

மறுநாள் நிதானமாக உட்கார்ந்தோம். வரிசை, நெடுவரிசை மறைப்புக்குத்தான் இந்த விதி. ஒரு தாளையே முழுவதுமாக மறைத்தால் அதிலுள்ள தரவு வரைபடத்திலிருந்து போவதில்லை. அந்தத் தாளுக்குள் வரிசைகளும் நெடுவரிசைகளும் தெரிபவையாக இருந்தால் போதும். ஆகவே வரம்பை ChartData என்ற புதிய தாளுக்கு மாற்றி, அந்தத் தாளை மறைத்துவிடலாம் என்று தீர்மானித்தோம்.

முதலில் D2 முதல் D17 வரை அப்படியே வெட்டி ஒட்டினோம். வரைபடம் வலப்பக்கம் நீண்டுவிட்டது. டிசம்பருக்குப் பிறகு பெயரில்லாத நான்கு இடங்கள் முளைத்தன, வரம்புக் கோடும் மூன்று மூன்று புள்ளிகளாக உடைந்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது. Report தாளில் நான்கு வரிசைகள் மறைந்திருப்பதால் B-யிலிருந்து 12 புள்ளிகள் வருகின்றன. புதிய தாளில் எதுவும் மறையாததால் வரம்பிலிருந்து 16 இடங்கள் வருகின்றன. எக்செல் இவற்றை மாதத்தின் பெயரை வைத்துப் பொருத்துவதில்லை. முதலாவது முதலாவதோடு, இரண்டாவது இரண்டாவதோடு என்று வரிசை முறையில்தான் வைக்கிறது. முன்பு எல்லாத் தொடர்களும் ஒரே தாளில் ஒரே வரிசைகளில் இருந்ததால், மறைப்பு எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைத்தது. தனித் தாள்களில் பிரிந்த பிறகு அந்த ஒற்றுமை போய்விட்டது.

12 செல்களாகச் சுருக்கியதும் சரியானது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை யாராவது Report தாளில் ஜூலை மாதத்தை மறைத்தால் புகார்க் கோடு 11 புள்ளிகளாகும், வரம்பு 12 புள்ளிகளாகவே நிற்கும். வரம்பு எல்லா மாதமும் 135 என்பதால் ஓர் இடம் கூடுதலாக நீள்வதைத் தவிர பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வரம்புக்குப் பதிலாக நகரும் சராசரி போன்ற ஒன்று அங்கே இருந்திருந்தால், ஆகஸ்டின் புகார்மேல் ஜூலையின் சராசரி வந்து உட்காரும். அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். காணாமல் போகும் கோட்டைவிட இடம் மாறி நிற்கும் கோடு ஆபத்தானது. காணாமல் போனதை யாராவது கேட்பார்கள், இடம் மாறியதை யாரும் கேட்க மாட்டார்கள்.

இறுதியாகச் செய்தது

வரைபடத்துக்கு வேண்டிய அனைத்தையும் ChartData தாளுக்கே கொண்டுபோனோம். A நெடுவரிசையில் 12 மாதங்களின் பெயர்களை மட்டும் எழுதினோம். மொத்த வரிசைகள் அங்கே இல்லவே இல்லை. B-யில் Report தாளிலிருந்து மாதத்தின் பெயரை வைத்து எண்ணைத் தேடி எடுக்கும் சூத்திரம்:

```
=INDEX(Report!B:B, MATCH($A2, Report!$A:$A, 0))
```

இதை வலப்பக்கம் C-க்கும், கீழே 13-ஆம் வரிசை வரைக்கும் இழுத்தோம். D-யில் வரம்பு. சூத்திரம் மறைந்த செல்களையும் படிக்கும். மறைப்பு என்பது பார்வைக்கு மட்டும்தான், கணக்குக்கு அல்ல. எனவே Report தாளில் யார் எதை மறைத்தாலும், மடித்தாலும், வடிகட்டினாலும் ChartData-வில் 12 எண்களும் நிற்கும். பிறகு வரைபடத்தின் ஒவ்வொரு தொடரையும் புதிய தாளுக்குத் திருப்பினோம். ஒரு கோட்டைச் சொடுக்கினால் சூத்திரப் பட்டையில் அதன் முகவரி தெரியும். புகார்க் கோட்டுக்கு அது இப்படி ஆனது:

```
=SERIES(ChartData!$B$1,ChartData!$A$2:$A$13,ChartData!$B$2:$B$13,1)
```

டிக் போடவே தேவையில்லாமல் போனது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. Report தாளில் வடிகட்டி போட்டால் இனி இந்த வரைபடம் மாறாது. அவரிடம் இதை முன்கூட்டியே கேட்டேன். "இந்த வரைபடம் எப்போதும் முழு ஆண்டையும்தான் காட்ட வேண்டும், வடிகட்டுவது எங்கள் உள்வேலைக்கு மட்டும்" என்றார். பதில் வேறாக இருந்திருந்தால் தீர்வும் வேறாக இருந்திருக்கும். வடிகட்டியோடு மாற வேண்டிய வரைபடத்தை இப்படித் தனித் தாளுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதில் டிக்கும் போடக் கூடாது. டிக் போட்ட வரைபடம் வடிகட்டியையும் சேர்த்தே புறக்கணிக்கும்.

அதே கோப்பில் இருந்த வட்டப்படம்

இந்த வேலை முடியும் தறுவாயில் அதே கோப்பில் இன்னொரு தாளைத் திறந்தோம். புகார்களின் வகைவாரி வட்டப்படம். ஐந்து வகைகள்: 540, 410, 325, 214, கடைசியாக 'இதர' என்று 100. கூட்டினால் அதே 1589. இதரவைக் காட்டுவது அழகாக இல்லை என்று அந்த வரிசையை யாரோ மறைத்திருந்தார்கள். படத்தில் முதல் வகைக்கு 36% என்று இருந்தது. பக்கத்திலேயே அட்டவணையில் அதே வகைக்கு 34% என்று இருந்தது. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகிப் பல மாதங்களாக வெளியே போய்க்கொண்டிருந்தன.

எண்ணைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. அட்டவணையின் சதவீதம் 540-ஐ 1589-ஆல் வகுத்தது. அங்கிருக்கும் SUM மறைந்த வரிசையையும் கூட்டும். வட்டப்படம் தான் வரையும் துண்டுகளையே முழு வட்டமாக எடுத்துக்கொள்கிறது. இதர விடுபட்டதால் அதற்கு முழுமை 1489. 540-ஐ 1489-ஆல் வகுத்தால் 36%. இரண்டாம் வகை அட்டவணையில் 26%, படத்தில் 28%. கோட்டு வரைபடத்தில் ஒரு புள்ளியை மறைத்தால் மற்றப் புள்ளிகளின் மதிப்பு மாறாது. வட்டப்படத்தில் ஒரு வரிசையை மறைத்தால் மீதமுள்ள ஒவ்வொரு துண்டின் சதவீதமும் மாறிவிடுகிறது. இந்த அமைப்பால் விளையக்கூடிய கெடுதல்களில் இதுவே பெரிது என்பது என் முடிவு. இங்கே எதுவும் காணாமல் போனதாகவே தெரிவதில்லை, ஐந்து துண்டுகளுக்குப் பதில் நான்கு துண்டுகள் கொண்ட முழு வட்டம் நம்பிக்கையோடு நிற்கிறது.

இந்தப் படத்தில் டிக்தான் சரியான தீர்வு. இதர துண்டு தெரியட்டும், 1589 முழுமையாகட்டும். மறைந்த வரிசையைக் கணக்கிலிருந்தும் நீக்குவதுதான் நோக்கம் என்றால் படத்தைத் தொடாமல் அட்டவணையின் மொத்தத்தை மாற்ற வேண்டும். `SUBTOTAL(109, …)` என்று எழுதினால் கையால் மறைத்த வரிசைகளும் கூட்டலிலிருந்து விலகும். 109-க்குப் பதில் 9 என்று எழுதினால் வடிகட்டியால் மறைந்தவை மட்டும் விலகும், கையால் மறைத்தவை கூட்டப்படும். வரைபடத்துக்கு இந்த வேறுபாடு கிடையாது என்பதால், படத்தோடு ஒத்துப்போக வேண்டிய மொத்தத்துக்கு 109-தான் பொருந்தும்.

போக்குக் கோடு போட்ட வரைபடங்களிலும் இதே போன்ற கவனம் தேவை. அது வரையப்பட்ட புள்ளிகளை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அச்சில் மாதப் பெயர்கள் வெறும் எழுத்தாக இருந்தால் ஒரு மாதத்தை மறைத்தவுடன் அதன் இடமும் மூடிக்கொள்ளும். ஜூனும் ஆகஸ்டும் அடுத்தடுத்து நிற்கும், சாய்வும் மாறும். உண்மையான தேதிகளைக் கொண்ட தேதி அச்சாக இருந்தால் ஜூலைக்கான இடம் காலியாகவே இருக்கும், கோடு அதன் மேலே நேராகத் தாண்டிப் போகும். அந்த நீண்ட தாண்டலைப் பார்த்தாவது ஒருவருக்குச் சந்தேகம் வரும்.

கோப்பிலுள்ள எல்லா வரைபடங்களையும் பார்த்தது

டிக் ஒவ்வொரு வரைபடத்துக்கும் தனித்தனி. ஒன்றில் போட்டால் மற்றதில் வராது. புதிதாகப் போடும் வரைபடம் மீண்டும் பழைய இயல்போடுதான் பிறக்கும். கோப்பில் ஒன்பது வரைபடங்கள் இருந்ததால் ஒவ்வொன்றாகப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்குப் பதில் ஒரு சிறிய மேக்ரோவை ஓட்டினோம். இது எதையும் மாற்றாது, நிலையை மட்டும் Immediate சாளரத்தில் எழுதும்:

```vba
Sub ListChartSetting()
    Dim ws As Worksheet, co As ChartObject
    For Each ws In ActiveWorkbook.Worksheets
        For Each co In ws.ChartObjects
            Debug.Print ws.Name, co.Name, _
                co.Chart.PlotVisibleOnly
        Next co
    Next ws
End Sub
```

இங்கே ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. `PlotVisibleOnly` என்பது 'தெரிவதை மட்டும் வரை'. பெட்டியிலுள்ள டிக் 'மறைந்ததையும் காட்டு'. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பொருள் கொண்டவை. ஆகவே `True` என்று வந்தால் பெட்டியில் டிக் இல்லை என்று பொருள், `False` என்றால் டிக் இருக்கிறது. எக்செல் 2003 வரை Options பெட்டியின் Chart பக்கத்திலும் Plot visible cells only என்றே எழுதியிருந்தது. அந்தக் காலத்துக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்பவர் 'டிக்கை எடு' என்பார், இன்றைய பெட்டியில் 'டிக் போடு' என்பதே அதற்கு இணை. ஒரு குழுவில் இரண்டு தலைமுறைக் குறிப்புகளும் புழங்கினால் முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஒன்பதில் எட்டு `True` என்றும் ஒன்று `False` என்றும் வந்தன. அந்த ஒன்று யாரோ முன்பே டிக் போட்ட வரைபடம். வடிகட்டி போட்டாலும் அது மாறுவதில்லை, கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று அவர் அப்போதுதான் சொன்னார். டிக்கை எடுத்தோம், அன்றே அது வேலைக்கு வந்தது. செல்களுக்குள்ளேயே வரும் குறுவரைபடங்கள், அதாவது ஸ்பார்க்லைன்கள், இந்தப் பட்டியலில் வராது. அவற்றுக்கும் இதே டிக் உண்டு. ஆனால் அது Sparkline பட்டையில் Edit Data-வின் கீழே Hidden & Empty Cells என்ற இடத்தில் தனியாக இருக்கிறது.

இந்த அமைப்பின் மேல் தவறாகப் பழி விழும் இடங்கள்

வரைபடமே சுருங்கிப்போவதும் முழுதாக மறைந்துபோவதும் வேறு கதை. வரைபடம் எந்தச் செல்களின் மேல் மிதக்கிறதோ அவற்றை மறைத்தால், அதன் இயல்பான பண்பு செல்களோடு சேர்ந்து நகர்ந்து அளவும் மாறுவது என்பதால், அதுவும் ஒடுங்கும். டிக் இங்கே ஒன்றும் செய்யாது. Format Chart Area-வில் Properties பகுதிக்குப் போய் Don't move or size with cells என்று வைத்தால் நிற்கும். சட்டம் அதே அளவில் இருந்து உள்ளே மட்டும் எதையாவது காணவில்லை என்றால்தான் மறைந்த தரவைத் தேட வேண்டும்.

எக்செல் 2013 முதல் வரைபடத்தின் அருகே தோன்றும் புனல் பொத்தானாலும் ஒரு தொடரைத் தற்காலிகமாக நீக்கிவைக்கலாம். தாளில் எழுத்துகளும் எண்களும் விட்டுப்போகாமல் இருந்தும் ஒரு கோட்டைக் காணவில்லை என்றால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று தரவு உண்மையிலேயே போய்விடக்கூடிய இடம். கோப்பை வெளியே அனுப்பும் முன் Inspect Document ஓட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அது மறைந்த வரிசைகளையும் நெடுவரிசைகளையும் கண்டுபிடித்து, பக்கத்தில் Remove All என்ற பொத்தானைக் காட்டும். மறைத்துவைத்த துணைத் தரவை நம்பி வரைபடம் நிற்கும்போது அதை அழுத்தினால் அந்தத் தொடர் முகவரி இழந்து `#REF!` ஆகிவிடும். அதே கருவி மறைந்த தாள்களையும் தனியாகக் கண்டுபிடித்து நீக்கத் தயாராக இருக்கும் என்பதால், எங்கள் ChartData தாளுக்கும் இந்த ஆபத்து உண்டு. வெளியே அனுப்புவதற்கு வரைபடத்தைப் படமாக ஒட்டிய தனிப் பிரதியைப் பயன்படுத்துவது என்று அவர் முடிவு செய்தார்.

அடுத்த மாத அறிக்கையில் அவர் D நெடுவரிசையை நீக்கியேவிட்டார். அது இனி யாருக்கும் வேண்டியதில்லை. காலாண்டு மொத்த வரிசைகள் நான்கையும் திரும்பக் காட்டி, தடித்த எழுத்தில் மாற்றி அச்சிட்டார். வரைபடத்தில் 12 மாதங்களும் 135-இல் ஒரு கோடும் இருந்தன. வட்டப்படத்தில் ஐந்து துண்டுகள், முதல் துண்டின் மேல் 34%.